தமிழிலேயே வாக்கியத்தைக் கட்டுங்கள்

ஜெர்மன் பி1 எழுத்துத் தேர்வில் தேர்ச்சிக்கு 60 வேண்டும். நான் வாங்கியது 54. அதற்காக நர்ஸ் வேலைக்கான என் விண்ணப்பம் ஐந்து மாதம் தள்ளிப்போனது. இலக்கணமும் சொற்களும் எனக்குத் தெரியும். சறுக்கியது ஒரே இடத்தில்: ஒரு வாக்கியத்துக்குள் நேரம், காரணம், விதம், இடம் எல்லாம் சேர்ந்து வந்தால் எதை எங்கே வைப்பது என்பதில்.

வகுப்பில் எங்களுக்கு எல்லாமே ஆங்கிலம் வழியாகத்தான். ஆங்கிலத்தில் யோசித்து ஜெர்மனில் எழுதச் சொன்னார்கள். நானும் எழுதினேன்: "இஷ் ஃபாரெ நாஹ் பெர்லின் மிட் டேம் ட்சூக் வேகன் டேர் ப்ரூஃபுங் மோர்கன்." போகிறேன், பெர்லினுக்கு, ரயிலில், தேர்வுக்காக, நாளைக்கு. ஜெர்மன்காரர் எழுதுவது இதை அப்படியே தலைகீழாக்கி: "இஷ் ஃபாரெ மோர்கன் வேகன் டேர் ப்ரூஃபுங் மிட் டேம் ட்சூக் நாஹ் பெர்லின்." நேரம், காரணம், விதம், இடம். இந்த நான்கின் ஜெர்மன் பெயர்களின் முதல் அசைகளைச் சேர்த்து 'டெகாமோலோ' என்று ஜெர்மன் கற்பவர்கள் மனப்பாடம் செய்வார்கள்.

இப்போது தமிழில் சொல்லிப் பாருங்கள்: நான் நாளைக்குத் தேர்வுக்காக ரயிலில் பெர்லினுக்குப் போகிறேன். அதே வரிசை! தமிழில் கடைசியில் நிற்கும் 'போகிறேன்' ஜெர்மனில் இரண்டாம் இடத்துக்கு வந்துவிடுகிறது, வித்தியாசம் அவ்வளவுதான். இதை ஒருநாள்கூட யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கேட்டபோது, தாய்மொழியை மறந்தால்தான் ஜெர்மன் வரும் என்றார்கள். அந்த வகுப்பை விட்டதில் எனக்கு வருத்தமே இல்லை.

நீங்களும் என்னைப்போல ஆங்கிலத்தைச் சுற்றித்தான் ஜெர்மனுக்கு வந்திருப்பீர்கள். வாக்கியத்தைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, வினையை மட்டும் இரண்டாம் இடத்துக்கு இழுங்கள். இரண்டாம் இடம் என்பது இரண்டாவது சொல் அல்ல. 'நாளை எட்டு மணிக்கு' முழுவதும் ஒரே இடம்தான். அதை முன்னால் வைத்தால் அடுத்து வினை வரவேண்டும், 'நான்' அதற்குப் பின்னால் போகும்: "மோர்கன் உம் ஆஹ்ட் ஊர் ஃபாரெ இஷ்." "மோர்கன் இஷ் ஃபாரெ" என்று எழுதினால் தப்பு. என் விடைத்தாளில் இது மூன்று முறை இருந்தது.

டெகாமோலோவைக் கல்வெட்டாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 'பெர்லினுக்கு' என்று போகும் இடம் கடைசியில் நிற்கும். ஆனால் ஒரு செயல் நடக்கும் இடம் விதத்துக்கு முன்னால் வருவது இயல்பு: "இஷ் ஹாபெ இன் பெர்லின் ஹார்ட் கெஆர்பைடெட்." பெர்லினில் கடுமையாக உழைத்தேன். தமிழிலும் இடம்தான் முதலில், விதம் பிறகு. 'ஹாபெ' என்ற துணைவினை இரண்டாம் இடத்தைப் பிடித்துக்கொள்ள, 'உழைத்தேன்' நம் ஊரில் போலவே கடைசியில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இரண்டாம் முறை எழுதியபோது 81 வந்தது. தேர்வறையில் ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் தமிழில் முணுமுணுத்தபடிதான் எழுதினேன்.