முன்கட்டல் விகிதமும் சராசரி ஆயுளும்

கேள்வி: கடன் தொகுப்பின் ஆண்டு முன்கட்டல் விகிதத்தை (சி.பி.ஆர்.) மாத விகிதமாக (எஸ்.எம்.எம்.) மாற்றுவது எப்படி? அதன் சராசரி ஆயுளை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: ஆண்டு விகிதத்தை 12-ஆல் வகுப்பதே வழக்கமான பிழை. ஒவ்வொரு மாதமும் குறைந்த நிலுவையின் மீதே அடுத்த மாத முன்கட்டல் விழுவதால், சரியான சூத்திரம் இது:

```
SMM = 1 − (1 − CPR)^(1/12)
```

சி.பி.ஆர். 10% என்றால் மாத விகிதம் 0.874%. வெறுமனே வகுத்தால் வரும் 0.833%, ஆண்டு முடிவில் 9.6% மட்டுமே தரும். மாத விகிதத்தை, அந்த மாதத் தவணை அசல் கழிந்த நிலுவையின் மீதே போட வேண்டும்.

சராசரி ஆயுளுக்கு, திரும்பும் அசலை அது வரும் காலத்தால் பெருக்கிக் கூட்டி, தொடக்க அசலால் வகுக்க வேண்டும்; வட்டி இதில் சேராது. எளிமைக்காக ஆண்டுக் கணக்கில் பார்க்கலாம். 90 கோடி, மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு 30 கோடி அசல்: முன்கட்டல் இல்லையேல் ஆயுள் 2 ஆண்டு.

10% முன்கட்டலில், முதலாண்டு 30 போக மீதி 60. அதில் 6 முன்கட்டல், ஆக 36 கோடி. இரண்டாமாண்டு, மீதி 54-இல் பாதி 27 தவணை, எஞ்சியதில் 2.7 முன்கட்டல்; ஆக 29.7. மூன்றாமாண்டு 24.3.

(36×1 + 29.7×2 + 24.3×3) ÷ 90 = 1.87 ஆண்டு.

மாதக் கணக்கானால் விடையை 12-ஆல் வகுக்க வேண்டும். அசல்களின் கூட்டுத்தொகை 90-க்கு வராவிட்டால் அட்டவணையில் எங்கோ தவறு இருக்கிறது.