முதல் சந்திப்புக்கு வெளியூர்ப் பயணம்

முதல் சந்திப்புக்குச் சென்னையிலிருந்து கோவை செல்பவருக்கு வார இறுதியில் இரவு ரயிலே சிக்கனம். வெள்ளி இரவு சேரன் எக்ஸ்பிரஸில் ஏறி, ஞாயிறு இரவு திரும்பினால், இரண்டு பகல்கள் முழுதாகக் கிடைக்கும். தங்குவதற்கு ஓர் இரவு வாடகை போதும். முன்பதிவு 60 நாள் முன்பே தொடங்கும். போகவர இரண்டு டிக்கெட்டும் உறுதியான பிறகே தேதியைச் சொல்வது நல்லது. இணையத்தில் எடுத்த டிக்கெட் கடைசிவரை காத்திருப்புப் பட்டியலிலேயே நின்றால் தானாக ரத்தாகிவிடும். அதை வைத்து ரயில் ஏற முடியாது.

சிக்கல் அறையில்தான். ரயில் விடியற்காலையில் சேர்ந்துவிடும். பல விடுதிகளில் அறை நண்பகல் 12 மணிக்கே கிடைக்கும். வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் கணக்கிடும் விடுதியா என்று தொலைபேசியில் முன்பே கேட்க வேண்டும். இல்லையென்றால் குளிக்க, உடைமாற்ற ரயில் நிலைய ஓய்வறையைப் பி.என்.ஆர். எண் கொண்டு பதிவு செய்யலாம்.

வருபவர் தனி அறை எடுப்பதே முதல்முறைக்கு ஏற்றது. சந்திப்பு பிடிக்காவிட்டாலும் ஒதுங்க இடம் இருக்கும். மணமாகாத இருவர் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் இல்லை என 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. ஆனாலும் சில விடுதிகள் மறுக்கின்றன. பணம் கட்டுமுன் கேட்டுவிட வேண்டும்.

டிக்கெட், அறை இரண்டின் செலவையும் கூட்டிப் பாதியாகப் பிரிப்பதே நியாயம். பயணக் களைப்பு எப்படியும் ஒருவருக்கு மட்டும்தான்.