கடின நாளா, இலகு நாளா? காலையில் பார்க்க இரண்டு எண்கள்

அலுவலக வேலையோடு ஓட்டப் பயிற்சியும் செய்பவர் வேலைக் களைப்பையும் பயிற்சிக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். நள்ளிரவு வரை விழித்த உடம்பு மறுநாள் வேக ஓட்டத்துக்குத் தயாரா என்பதைக் கைக்கடிகாரம் காட்டும் இரண்டு எண்களிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம்.

ஒன்று, ஓய்வுநிலை நாடித்துடிப்பு. மற்றொன்று எச்.ஆர்.வி. எனப்படும் துடிப்பு மாறுபாடு. அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடையிலான நேரம் மில்லிவினாடிக் கணக்கில் கூடிக் குறைந்துகொண்டே இருக்கும். உடம்பு தேறியிருக்கும்போது இந்த ஏற்ற இறக்கம் பொதுவாக அதிகம். தூக்கக் குறைவு, மது, காய்ச்சல், மன அழுத்தம் எல்லாம் அதைச் சுருக்கிவிடும்.

முதல் மூன்று நான்கு வாரங்களுக்கு எதையும் மாற்றாமல், கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே தூங்குங்கள். அப்போதுதான் உங்களுடைய வழக்கமான வரம்பு தெரியவரும். பக்கத்து இருக்கைக்காரருக்கு எச்.ஆர்.வி. 80 காட்டுகிறதே என்று ஒப்பிடாதீர்கள்; வயதும் உடல்வாகும் இதைப் பெரிதும் மாற்றும். கடிகாரத்தை மாற்றினாலும் வரம்பைப் புதிதாகவே கண்டறிய வேண்டும், ஏனெனில் எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் கணக்கிடுவதில்லை.

மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் இருக்கும் தணிக்கை அலுவலக ஊழியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய வழக்கமான நாடி 58, எச்.ஆர்.வி. 40 முதல் 52 வரை. புதன்கிழமை மாலை 800 மீட்டர் வேக ஓட்டம் ஆறு முறை என்பது திட்டம். செவ்வாய் இரவு ஒரு மணிவரை வேலை. காலையில் நாடி 64, எச்.ஆர்.வி. 33. இரண்டும் ஒரே நேரத்தில் தவறான பக்கம் போயிருக்கின்றன. அன்று பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 40 நிமிடம் போதும். வியாழன் 61, 38: நிலைமை தேறிவருகிறது, ஆனாலும் இலகு ஓட்டமே. வெள்ளி 58, 45: புதன்கிழமை தள்ளிவைத்த வேக ஓட்டத்தை அன்று முடிக்கலாம். கடினப் பயிற்சி இரண்டு நாள் தள்ளிப்போனதே தவிர, ரத்தாகவில்லை.

எச்.ஆர்.வி. மட்டும் ஒரே ஒரு நாள் குறைந்தால் திட்டத்தை மாற்ற வேண்டாம். தாமதமான இரவுச் சாப்பாடோ தளர்ந்த பட்டையோ போதும், அந்த எண் தடுமாற. ஏழு நாள் சராசரியே வரம்புக்குக் கீழே இறங்கினால் அந்த வாரத்துக் கடின நாட்களில் ஒன்றை எடுத்துவிடுங்கள். எண்கள் நன்றாக இருந்தும் தொடை வலித்தால் தொடையையே நம்புங்கள், தசைவலியைக் கடிகாரம் அறியாது.

நன்றாகத் தூங்கியும் இரண்டு எண்களும் தொடர்ந்து மோசமாக இருந்தால் காய்ச்சல் வருகிறதா என்று பாருங்கள். வந்துவிட்டால் இலகு ஓட்டமும் வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களும், சீரற்ற துடிப்பு உள்ளவர்களும் இந்த முறையைப் பின்பற்றும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும். மாத்திரை நாடியைக் குறைத்துக் காட்டும். சீரற்ற துடிப்போ எச்.ஆர்.வி.யைப் பொய்யாக உயர்த்திவிடும்.