மாண்டரினில் இலக்கங்களை உரைபெயர்த்தல்: “யி” ஏன் “யாவ்” ஆகிறது?

மாண்டரின் சீனத்தில் ஒன்று “யி”, ஏழு “ச்சீ”. இரண்டும் ஒரே உயிரொலியில் முடிவன. இரண்டுக்கும் ஒரே உயர்ந்த சமதொனியே உரியது. எனவே தொலைபேசியிலோ இரைச்சலிலோ ஒன்று ஏழாகக் கேட்கக்கூடும். இதனைத் தவிர்க்க, இலக்கங்களைத் தனித்தனியே வாசிக்கும்போது ஒன்றை “யாவ்” என்பர். “மிகச் சிறியது” எனப் பொருள்படும் இச்சொல் பகடையின் ஒற்றைப் புள்ளிக்கும் பெயராகும்.

உதாரணமாக, பெய்ஜிங் ஹோட்டலொன்றில் வரவேற்பாளர் 1107ஆம் அறையை “யாவ் யாவ் லிங் ச்சீ” என்கிறார். உரைபெயர்ப்பவர் அதனை “ஆயிரத்து நூற்றேழு” எனத் தொகை ஆக்காது, கேட்ட வரிசையில் குறித்து, “ஒன்று, ஒன்று, பூச்சியம், ஏழு” என்றே கூறவேண்டும். “யாவ்” என்பதை “வேண்டும்” எனக் கொள்வது புதியவர் விடும் தவறு. அச்சொல் இறங்குதொனியில் ஒலிக்கும்.

சீனாவின் பொலிஸ் அவசர இலக்கமான 110 “யாவ் யாவ் லிங்” ஆகும். அம்பியுலன்ஸ் 120 “யாவ் ஆர் லிங்”. இங்கு இரண்டு “ஆர்” ஆகுமேயன்றி, பொருட்களை எண்ணும் “லியாங்” ஆகாது.

எண்ணிக்கை, ஆண்டு, “முதலாவது” போன்ற வரிசை ஆகியவற்றில் “யாவ்” வராது. முதலாம் மாடி “யி லோ” தான். தாய்வானில் பொதுமக்கள் தொலைபேசி இலக்கத்திலும் பெரும்பாலும் “யி” என்றே கூறுவர். எனவே அங்கு ஐயமெழுந்தால் இலக்கத்தைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துக.

பயிற்சி: அறை 217 ஐ வாசிக்க.
விடை: ஆர் யாவ் ச்சீ