வலிக்கு ஒரு மாத்திரை... பிரஷருக்கு ஒரு மாத்திரை... ரெண்டும் சேர்ந்தால்?

"பிரஷர் மாத்திரையை இவர் ஒரு நாள்கூட விட்டதில்லை டாக்டர். ஊறுகாயைத் தொடறதில்லை. எங்க வீட்டுல அப்பளம் பொரிச்சே வருஷமாச்சு. அப்படியும் 160-ல போய் நிக்குதே, எப்படி?"

கேட்டவர் ஒரு தலைமை ஆசிரியரின் மனைவி. சார் ரிடையராகி 12 வருடம். வயது 70. ஆறு வருடமாக டெல்மிசார்ட்டான் 40 மில்லிகிராமும், ஹைட்ரோகுளோரோதயசைடு என்கிற நீர் பிரியும் மருந்து 12.5 மில்லிகிராமும் சேர்ந்த ஒரே மாத்திரை, காலையில் ஒன்று. மாதாமாதம் பார்த்தால் 130/80-ஐத் தாண்டாது. அன்றைக்கு 158/92. எடையும் இரண்டு கிலோ கூடியிருந்தது. கணுக்காலில் விரலால் அழுத்தினால் லேசாகக் குழி விழுந்தது.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா சார்?" என்று கேட்டேன். "இல்லை" என்றார். அதோடு விட்டுவிட்டேன். அது என் தப்பு. அம்லோடிபின் 5 மில்லிகிராம் கூடுதலாக எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார்கள். இந்த முறை சாரை மகன் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு நாளாகப் பேதி. தலை சுற்றல். சிறுநீர் வெகுவாகக் குறைந்துவிட்டது. உடனே ரத்தம் எடுத்துப் பார்த்ததில், எப்போதும் 1.1 இருக்கும் கிரியாட்டினின் 2.4. பொட்டாசியம் 5.9. சிறுநீரகம் திடீரென்று தடுமாறுகிறது என்று அர்த்தம்.

அப்போதுதான் அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். "முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்புல கொடுத்தது. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அஞ்சு வாரமா போட்டுக்கறார். இதெல்லாம் மாத்திரைக் கணக்குல சேருமா டாக்டர்?"

சேரும். 160-க்கு விடை அந்த அட்டையில்தான் இருந்தது.

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அசிக்ளோஃபெனாக் 100 மில்லிகிராம், பாராசிட்டமால் 325 மில்லிகிராம். "பாராசிட்டமால்னு போட்டிருந்துது, அதான் தைரியமா சாப்பிட்டேன்" என்றார் சார், ஈனஸ்வரத்தில். நம் ஊரில் விற்கிற வலி மாத்திரைகளில் பல இப்படிக் கூட்டணி மாத்திரைகள்தான். தெரிந்த பெயரைப் படித்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் தெரியாத பெயரை விட்டுவிடுகிறோம்.

வலி மாத்திரை எப்படி பிரஷரைக் கெடுக்கிறது? நம் உடம்பில் ப்ராஸ்டாகிளாண்டின் என்று ஒரு குடும்பத்துப் பொருட்கள் உண்டு. மூட்டில் வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குவதில் இதற்குப் பெரிய பங்கு. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் இது உற்பத்தியாவதைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன என்று 1971-ல் கண்டுபிடித்தவர் ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி. 1982-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். வேடிக்கை என்னவென்றால், பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்திலிருந்து ஒரு வகை பிரஷர் மாத்திரை பிறக்கவும் இவருடைய ஆராய்ச்சிக் கூடம் ஒரு காரணம். இன்று எனாலாப்ரில், ராமிப்ரில் என்று சாப்பிடுகிறோமே, அந்த வகை. ஒருவர் கைபட்ட இரண்டு மருந்துகள் ஒரே வயிற்றுக்குள் போய்ச் சண்டை போடுகின்றன!

சண்டை நடக்கிற இடம் சிறுநீரகம். அங்கே ப்ராஸ்டாகிளாண்டின் நல்ல பிள்ளை. ரத்தக் குழாயை விரித்து வைப்பதும், வேண்டாத உப்பையும் நீரையும் வெளியே தள்ளச் சொல்வதும் அதன் வேலை. வலி மாத்திரைக்கு முழங்கால் எது, சிறுநீரகம் எது என்று தெரியாது. இரண்டு இடத்திலும் அதை நிறுத்திவிடும். உப்பும் நீரும் உடம்பில் தங்கும். எடை ஏறும், கால் வீங்கும், பிரஷர் கூடும். சராசரியாக 5 பாயின்ட்தான் ஏறும் என்றாலும், வயதானவர்களில் சிலருக்கு சாருக்கு ஏறின மாதிரி கணிசமாகவே ஏறிவிடும். ஊறுகாயை நிறுத்தி என்ன பயன், மாத்திரையே உப்பைப் பிடித்து வைக்கும்போது?

எல்லா பிரஷர் மாத்திரையும் ஒரே அளவுக்குப் பாதிக்கப்படுவதில்லை. 'ப்ரில்' என்று முடிகிறவை, 'சார்ட்டான்' என்று முடிகிறவை, நீர் பிரியும் மாத்திரைகள், அட்டெனலால் போன்றவை, இவற்றின் வேகத்தைத்தான் வலி மாத்திரை அதிகம் மட்டுப்படுத்தும். அம்லோடிபின் அவ்வளவாக அசைந்து கொடுக்காது.

பிரஷர் ஏறுவது முதல் கட்டம். சாருக்கு வந்தது அடுத்த கட்டம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். நடுவில் அழுத்தம் இருந்தால்தான் வடிகட்டல் நடக்கும். மாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் ஷவரில் சொட்டுகிறதல்லவா, அதே கதைதான்.

இப்போது மூன்று மருந்துகளையும் பாருங்கள். நீர் மாத்திரை, தொட்டியில் தண்ணீரைக் குறைக்கிறது. வலி மாத்திரை, உள்ளே வரும் குழாயைச் சுருக்குகிறது. டெல்மிசார்ட்டான், வெளியே போகும் குழாயை விரிக்கிறது. இதில் நீர் மாத்திரையும் டெல்மிசார்ட்டானும் நல்ல ஜோடிதான், டாக்டர்கள் தெரிந்தே சேர்த்துக் கொடுப்பது. மூன்றாவதாக வலி மாத்திரை நுழைந்தால்தான் வினை. சார் ஐந்து வாரம் எப்படியோ சமாளித்துவிட்டார். பேதியில் உடம்பு நீர் வற்றியதும் வடிகட்டி நின்றேவிட்டது. வயதாக ஆக சிறுநீரகத்தின் கையிருப்பு குறைந்துகொண்டே வருவதால், இளவட்டங்களுக்கு ஒன்றும் செய்யாதது 70 வயதில் படுக்க வைத்துவிடும்.

இந்த மூன்றும் சேருவதைப் பற்றி, பிரிட்டனில் பிரஷர் மருந்து சாப்பிடும் நாலே முக்கால் லட்சத்துக்கும் அதிகமானவர்களின் மருத்துவப் பதிவுகளை அலசி 2013-ல் ஒரு ஆய்வு வெளியானது. சிறுநீரகம் திடீரெனப் பழுதாகும் ஆபத்து, முதல் 30 நாட்களில்தான் மிக அதிகம் என்று அது காட்டியது. "கொஞ்ச நாளைக்குத்தானே போட்டுக்கறேன்" என்கிற சமாதானம் இதனால்தான் செல்லாது.

இன்னொரு சமாதானமும் உண்டு. "கூடவே கேஸ் மாத்திரை போட்டுக்கறேனே டாக்டர்!" பான்டாப்ரசோல், ஒமிப்ரசோல் எல்லாம் வயிற்றில் புண் வராமல் காக்கும். பிரஷர் ஏறுவதையோ சிறுநீரகம் சுணங்குவதையோ அவை தடுக்காது.

சாரை ஆஸ்பத்திரியில் சேர்த்து சலைன் ஏற்றினோம். வலி மாத்திரையை அடியோடு நிறுத்தி, பிரஷர் மாத்திரைகளையும் தற்காலிகமாக நிறுத்தி வைத்தோம். எட்டாம் நாள் கிரியாட்டினின் 1.4-க்கு இறங்கியது. மூன்று வாரத்தில் 1.2. அதன் பிறகு பழைய மாத்திரையை மட்டும் திரும்பக் கொடுத்தோம். பிரஷர் 132/80. நான் அவசரப்பட்டு எழுதின அம்லோடிபின் தேவையே படவில்லை.

சரி, முழங்கால் வலிக்கு என்னதான் செய்வது? வலியைப் பொறுத்துக்கொண்டே இருக்கச் சொல்லவில்லை. வலிக்கிற இடத்தில் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் முழங்கால், கை மூட்டுகளுக்கு நன்றாகவே கேட்கும். மாத்திரையாக விழுங்கும்போது ரத்தத்தில் சேருகிற மருந்தில் ஏறத்தாழ 6 சதவீதம்தான், ஒரு முழங்காலில் தடவும்போது சேரும். மாத்திரைதான் வேண்டுமென்றால் முதலில் தனிப் பாராசிட்டமால். தேவைப்படும் நாளில் மட்டும், 500 மில்லிகிராம் ஒன்றோ, எடை நன்றாக இருப்பவர்களுக்கு இரண்டோ. நாளைக்கு எத்தனை வேளை என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் தொடவே கூடாது.

ஆனால் பாராசிட்டமாலும் பத்தரை மாற்றுத் தங்கம் இல்லை. எடின்பரோவில் பிரஷர் உள்ள 110 பேருக்கு தினம் 4 கிராம் வீதம் இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மேல் பிரஷர் சுமார் 5 பாயின்ட் ஏறியது. 2022-ல் வெளியான ஆய்வு இது. என்றைக்கோ ஒரு நாள் தலைவலிக்குப் போடுவதில் பயமில்லை. மாதக்கணக்கில் முழு டோஸ் போடுகிறவர்கள்தான் பிரஷரைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டாக்டரே வலி மாத்திரை எழுதிக் கொடுக்கிற சந்தர்ப்பமும் வரும். அப்போது, "நான் இந்த பிரஷர் மாத்திரை சாப்பிடறேன்" என்று அட்டையையே காட்டுங்கள். ஆரம்பிக்கும் முன் பிரஷரும் எடையும் எவ்வளவு என்று குறித்து வையுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். எடை ஒன்றிரண்டு கிலோ கூடினாலோ, செருப்பு இறுக்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ வலி மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டியதுதான். பிரஷர் ஏறிவிட்டதே என்று நீங்களாகவே பிரஷர் மாத்திரையை இரண்டாக்கிக் கொள்ளாதீர்கள். வாந்தி, பேதி வந்த நாளில் வலி மாத்திரை கூடவே கூடாது. பிரஷர் மாத்திரையை அன்று போடலாமா என்பதையும் போனிலாவது கேட்டுவிடுங்கள்.

அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் தேட வேண்டிய பெயர்கள்: டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபூப்ரோஃபென், நாப்ராக்சன், நிமிசுலைட், எட்டோரிகாக்சிப். கடைசியில் சொன்னது வயிற்றுக்குக் கொஞ்சம் சாதுவானது என்று பெயர் வாங்கியது. ஆனால் பிரஷரை ஏற்றுவதில் அதுதான் கெட்டி. இதயத்துக்காக டாக்டர் கொடுத்த 75 மில்லிகிராம் ஆஸ்பிரினை மட்டும் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அந்தச் சின்ன அளவு பிரஷரை ஏற்றுவதில்லை.

சார் இப்போது ஜெல் தடவிக்கொள்கிறார். நாற்காலியில் உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டி மடக்கும் பயிற்சியைக் காலையும் மாலையும் செய்கிறார். அவர் மனைவி ஒவ்வொரு முறையும் வீட்டு மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து என் மேஜையில் அப்படியே கவிழ்க்கிறார். போன மாதம் அதில் புதிதாக ஓர் அட்டை கிடந்தது. "இது அவருக்கில்லை டாக்டர், பேரனோட பல்வலிக்கு வாங்கினது" என்றார். திருப்பிப் பார்த்தேன், ஐபூப்ரோஃபென். "பேரனுக்கு வேற டப்பா வாங்குங்கம்மா" என்றேன்.