பூனைக்குட்டி எந்த நிலையத்தில் இறங்கும்?

இரவு எட்டு மணிக்கு மேல் எங்கள் வார்டுகளில் கைப்பேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கத் தொடங்கும். பெருங்களத்தூரிலோ சேலையூரிலோ மேடவாக்கத்திலோ பாட்டியின் அருகில் படுத்திருக்கும் குழந்தை, மருத்துவமனையில் இருக்கும் அப்பாவிடமோ அம்மாவிடமோ பேச விரும்பும். "சாப்பிட்டாயா?", "சாப்பிட்டேன்", "எப்போ வருவே?" என்ற மூன்று வரிகளில் அந்தப் பேச்சு முடிந்துவிடுவதையும், கடைசிக் கேள்விக்கு விடை இல்லாமல் பெரியவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதையும் நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். அந்தப் பத்து நிமிடத்தை ஒரு கதைவிளையாட்டாக எவ்வாறு மாற்றலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நம் வீடுகளில் கதை கேட்பவர் 'ம்' கொட்ட வேண்டும் என்பது பழைய வழக்கம். 'ம்' நின்றுவிட்டால் குழந்தை உறங்கிவிட்டது என்று பாட்டி அறிந்துகொள்வார். நாம் சொல்லும் விளையாட்டில் அந்த 'ம்' ஒரு படி வளர்ந்து விடையாகிறது. கதை ஓரிடத்தில் நின்று, "இப்போது என்ன செய்யும்?" என்று கேட்கிறது. குழந்தை சொல்லும் வழியில் கதை நடக்கிறது.

இவ்வகைக் கதை நூலாக அச்சேறிய வரலாறும் ஒரு குழந்தையின் படுக்கையருகில்தான் தொடங்கியது. எட்வர்ட் பேக்கர்ட் என்ற அமெரிக்க வழக்கறிஞர் தம் மகள்களுக்கு இரவுதோறும் பீட் என்ற சிறுவனின் கதையைச் சொல்லி வந்தார். ஒருநாள் கற்பனை வற்றிப்போகவே, "பீட் அடுத்து என்ன செய்வான்?" என்று அவர்களையே கேட்டார். மகள்கள் வெவ்வேறு விடை சொன்னார்கள். ஒரு கதைக்கு இரண்டு வழிகள் கிடைத்தன. 1969-இல் அவர் எழுதிய 'சுகர்கேன் ஐலண்ட்' என்ற நூலைப் பதிப்பகங்கள் ஏற்கவில்லை. 1976-இல்தான் அது வெளிவந்தது. பின்னர் 1979 முதல் அவ்வகை நூல்கள் ஒரு வரிசையாக வந்து உலகெங்கும் பரவின. அந்நூல்கள் வாசிப்பவரையே 'நீ' என்று அழைத்து ஆபத்துக்குள் அனுப்பும். உறங்கப்போகும் குழந்தைக்கு, அதிலும் வீட்டில் ஒருவர் நோயுற்றிருக்கும்போது, 'நீ' வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வழி தவறுவது ஒரு பூனைக்குட்டியாக இருக்கட்டும்.

ஒரு தந்தையை எண்ணிக்கொள்வோம். நுரையீரல் நோய்க்காக உள்நோயாளியாக இருக்கிறார். ஐந்து வயது மகள் பெருங்களத்தூரில் பாட்டியிடம் இருக்கிறாள். கதைக்குக் களம் அவள் நன்கறிந்த மின்சார ரயில். ஒரு பூனைக்குட்டி திரிசூலத்தில் ஏறிப் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம் வழியாகப் பெருங்களத்தூர் வந்து சேர வேண்டும். இந்தத் திசையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. விமான நிலையத்தின் இரைச்சல் திரிசூலத்தில் இருக்கிறது. ஆரவாரம் கதையின் தொடக்கத்திலேயே தீர்ந்து, ரயில் வீட்டை நெருங்க நெருங்கக் கதை அடங்க வேண்டும். எதிர்த்திசையில் சென்றால் விமானம் கடைசியில் வரும். குழந்தை எழுந்து உட்கார்ந்துவிடும்.

கேள்விகள் மூன்று போதும். முதற்கேள்வி பெரியது: "திரிசூலத்தில் விமானம் தலைக்கு மேலே போகிறது. பூனைக்குட்டி இருக்கைக்கு அடியில் ஒளியுமா, சன்னல் வழியே பார்க்குமா?" இரண்டாவது சற்றுச் சிறியது: "குரோம்பேட்டையில் பூ விற்கும் அம்மா ஏறுகிறார். அவருடைய கூடைக்குள் போகுமா, மடியில் ஏறுமா?" மூன்றாவது மிகச் சிறியது: "வீட்டுக்கு வந்துவிட்டது. துணிக்கூடையில் படுக்குமா, பாட்டியின் காலடியில் படுக்குமா?" கடைசிக் கேள்வியின் இரு விடைகளும் உறக்கத்திலேயே முடிவதைக் கவனியுங்கள். அதன்பின் கேள்வி இல்லை. வாக்கியங்கள் குறுகிக் குரல் தாழும். நான்காவது கேள்வியைக் குழந்தையே கேட்டால், "அது நாளைக்கு" என்று நிறுத்திவிடலாம்.

ஒவ்வொரு விடைக்கும் தனிக்கதை வைத்திருக்க வேண்டுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். மூன்று கேள்விகளுக்கு இரண்டிரண்டு விடைகள் என்றால் எட்டுக் கதைகள். ஐந்து கேள்விகள் என்றால் முப்பத்திரண்டு. யாராலும் நினைவில் வைக்க இயலாது. தேவையும் இல்லை. பிரியும் தண்டவாளங்கள் அடுத்த நிலையத்தில் சேர்வதைப் போல இரு வழிகளையும் சேர்த்துவிடலாம். ஒளிந்த பூனையும் எட்டிப் பார்த்த பூனையும் பல்லாவரத்துக்கு வந்துதானே ஆக வேண்டும்?

ஆனால் இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். வழிகள் சேர்ந்ததும் குழந்தையின் தேர்வை மறந்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று இரவுகளில் குழந்தை அதைக் கண்டுபிடித்துவிடும். கேட்டவுடன் "ஏதோ ஒண்ணு" என்று சொல்லத் தொடங்கினால், தன் விடையால் எதுவும் மாறுவதில்லை என்று அது அறிந்துகொண்டது என்றே பொருள். இதற்கு மாற்று எளிது. ஒவ்வொரு தேர்வும் பூனைக்குட்டியின் மேல் ஓர் அடையாளத்தை விட்டுச் செல்ல வேண்டும். இருக்கைக்கு அடியில் ஒளிந்திருந்தால் மீசையில் தூசி ஒட்டியிருக்கும். சன்னலில் பார்த்திருந்தால் காதுகள் காற்றில் குளிர்ந்திருக்கும். பூக்காரம்மா தூசியைத் துடைப்பார், அல்லது காதுகளை முந்தானையால் மூடுவார். கூடைக்குள் புகுந்திருந்தால் பூனை வீடு வரும்போது மல்லிகை மணக்கும், பாட்டி மோந்து பார்த்து, "யாரிது?" என்பார். மாறுவது ஒரு வரிதான். எனினும் தான் சொன்னதால்தான் அந்த மல்லிகை மணம் வந்தது என்பது குழந்தைக்குத் தெரியும்.

நாம் தராத மூன்றாவது வழியைக் குழந்தை எடுப்பதும் உண்டு. மேற்சொன்ன தந்தையின் கதையில் ரயில் குரோம்பேட்டையைக் கடந்ததும் மகள் குறுக்கிட்டு, "பூனைக்குட்டி சானடோரியத்துல இறங்கிடுச்சு. அவங்க அப்பாவைப் பாக்கப் போகுது" என்று சொல்லிவிடுகிறாள் என்று கொள்வோம். சொல்பவருக்குத் தொண்டை அடைத்துப்போகும் இடம் இது. அவசரத்தில் இரு தவறுகள் நேரும். "இல்லை, இல்லை, ரயில் நிற்கவில்லை" என்று அவளுடைய வழியை அடைப்பது ஒன்று. "அப்பா நாளைக்கே வந்துவிடுவார்" என்று நிறைவேற்ற இயலாத உறுதியைப் பூனையின் வாயிலாகத் தருவது மற்றொன்று. இரண்டாவதே கூடுதல் தீங்கானது. கதையில் சொன்ன நாளைக் குழந்தை எண்ணிக்கொண்டிருக்கும்.

அவள் சொன்னதை அப்படியே ஒருமுறை திரும்பச் சொல்லுங்கள்: "ஆமாம், பூனைக்குட்டி சானடோரியத்தில் இறங்கிவிட்டது." அதன்பின் அந்த வழிக்குள்ளேயே மிகச் சிறிய ஒன்றைக் கேளுங்கள்: "வேப்பமரத்தில் ஏறிப் பார்த்ததா, மதில்மேல் உட்கார்ந்து பார்த்ததா?" மரம் என்பாள். மரத்திலிருந்து விளக்கெரியும் ஒரு சன்னல் தெரிகிறது, உள்ளே அப்பா படுத்திருக்கிறார், மருந்து சாப்பிட்டுவிட்டார், பூனையைப் பார்த்துக் கையசைக்கிறார். இவையெல்லாம் உண்மையானவை, அல்லது உண்மைக்கு முரணாகாதவை. பின்னர் அடுத்த ரயில் வருகிறது. தாம்பரம், பெருங்களத்தூர், துணிக்கூடை. பூனை எத்தனை நேரம் மரத்தில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மகளே முடிவு செய்யட்டும். சில இரவுகளில் அது நெடுநேரம் இருக்கும். சில இரவுகளில் அவள் அந்த நிலையத்தை நினைக்கவே மாட்டாள்.

மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளிடம் வேறொரு சிக்கல் உண்டு. இரண்டைச் சொல்லிக் கேட்டால், கடைசியாகக் காதில் விழுந்ததையே திரும்பச் சொல்வது அவ்வயதின் இயல்பு. உண்மையில் தேர்கிறதா என்று அறிய, சற்று நேரம் கழித்து அதே இரண்டை மாற்றி வைத்துக் கேட்டுப் பாருங்கள். மறுபடியும் பின்னதையே சொன்னால் அது தேர்வன்று, எதிரொலி. அவ்வயதில் சொல்லால் கேட்பதைவிட இரு பொருள்களைக் காட்டுவது பயன்தரும். தொலைபேசியில் பேசும்போது பாட்டி ஒரு கையில் கரண்டியும் மறு கையில் சீப்பும் நீட்டலாம். குழந்தை தொட்டது எதுவோ, அதைப் பூனை தூக்கிக்கொண்டு ஓடும்.

காணொளி அழைப்பைக் காட்டிலும் வெறும் குரல் அழைப்பே இதற்கு ஏற்றது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து ஒலிபெருக்கியை இயக்கிவிட்டால், வெளிச்சம் இல்லாமல் குரல் மட்டும் வரும். குழந்தை படுத்திருக்கிறதா, எழுந்து குதிக்கிறதா என்று சொல்பவருக்குத் தெரியாதாகையால் அதைப் பாட்டிதான் சொல்ல வேண்டும். குதிக்கிறது என்றால் கேள்விகளில் ஆரவாரம் மிகுந்துவிட்டது. மறுநாள் விமானத்தை விட்டுவிட்டுப் பல்லாவரத்திலிருந்து தொடங்கலாம்.

மூச்சு குறைந்த நோயாளிக்கு இந்த விளையாட்டில் ஒரு வசதி உண்டு. இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டால், குழந்தை யோசிக்கும் நேரம் முழுவதும் அவருக்கு ஓய்வு. சாய்ந்து உட்கார்ந்தபடி சொல்லுங்கள். ஆக்சிஜன் முகமூடியைக் கதைக்காகக் கழற்ற வேண்டாம்; குரல் சற்று மங்கினால், பூனை போர்வைக்குள்ளிருந்து பேசுகிறது என்று சொல்லிக்கொள்ளலாம். நேற்று ஒரே மூச்சில் சொல்ல முடிந்த சிறிய வாக்கியத்தை இன்று முடிக்க இயலவில்லை என்றால் கதையைப் பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு உடனே செவிலியரை அழையுங்கள். அதைக் களைப்பு என்று எண்ணிக் காலைவரை காத்திருக்கக் கூடாது.

குழந்தையே நோயாளியாக இருந்தால் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ளவும். மறுநாள் மயக்க மருந்து தருவதற்காக உணவும் நீரும் நிறுத்தப்பட்டிருக்கும் இரவில், கதையில் இட்லிக்கடையும் இளநீர் வண்டியும் வரக் கூடாது. பழக்கத்தால் பூனைக்குப் பால் ஊற்றிவிடுவோம். அதன்பின் அழுகையை அடக்க இயலாது. அன்றைக்குப் பூனை ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டுத்தான் ரயிலேறியது. மற்றொன்று, கதையில் கேட்டுப் பழகிய அதே குரலில், "ஊசி போட்டுக்கொள்வாயா, மாட்டாயா?" என்று கேட்பது. மாட்டேன் என்ற விடையை நம்மால் ஏற்க இயலாது; ஏற்க இயலாததைக் கேட்டுவிட்டு ஊசி போட்டால், அன்றிரவு பூனைக்குட்டியின் கேள்விக்கும் குழந்தை வாய் திறக்காது. "இடக்கையிலா, வலக்கையிலா? அம்மா மடியிலா, கட்டிலிலா?" என்று கேட்கலாம். அதையும் எந்தக் கையில் போட இயலும் என்று செவிலியரிடம் முதலில் தெரிந்துகொண்டு கேளுங்கள்.