செக்கு எண்ணெய் ஏன் புகைகிறது?

கேள்வி: செக்குக் கடலை எண்ணெயில் வடை சுட்டால் சீக்கிரமே புகைகிறதே, கலப்படமா?

பதில்: புகைவதை மட்டும் வைத்துக் கலப்படம் என்று சொல்ல முடியாது. செக்கு எண்ணெயில் தங்கியிருக்கும் நுண்துகள்களாலும் தனித்த கொழுப்பு அமிலங்களாலும் அது சுமார் 160 டிகிரி செல்சியஸிலேயே புகையத் தொடங்கும். வடை வேகவோ 170 முதல் 180 டிகிரி வேண்டும். சுத்திகரித்த கடலை எண்ணெய் ஏறத்தாழ 230 டிகிரி வரை தாங்கும். பொரிக்க அதுவே ஏற்றது. செக்குக் கடலை எண்ணெயை மிதமான தீயில் வதக்கவும், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெயைத் தாளிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். கடுகு வெடித்ததும் தீயைக் குறைத்தால் மணம் கெடாது.

ஒருமுறை பொரித்த எண்ணெய் அடுத்த முறை இன்னும் குறைந்த சூட்டிலேயே புகையும். மாவு போடுமுன்பே புகைந்தாலும், நுரை அடங்காமல் நின்றாலும் அதை மீண்டும் பயன்படுத்தாதீர்கள்.